ஆயிரம் சிவப்பணுவில் ஒன்று

வடசென்னையில் ஒரு வெல்டிங் பட்டறை. அங்கே வேலை பார்க்கும் 32 வயதுக்காரருக்கு எட்டு நாளாகக் காய்ச்சல். ஒரு நாள் விட்டு ஒரு நாள், மதியத்துக்கு மேல் குளிர் தூக்கிப் போடும். இரண்டு போர்வை போர்த்தினாலும் பல் கிடுகிடுக்கும். பிறகு உடம்பு அனலாய்க் கொதித்து, கடைசியில் வியர்த்துக் கொட்டி விட்டுவிடும். மறுநாள் ஒன்றுமே நடக்காததுபோல எழுந்து பட்டறைக்குப் போய்விடுவார். கைவசம் பாராசிட்டமால் இருந்தது. எட்டு நாள் அதிலேயே ஓடிவிட்டது.

எட்டாம் நாள் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 12.8 கிராம், வெள்ளையணு 4,100, தட்டணு 62,000. ‘பிளேட்லெட் அறுபத்திரண்டாயிரம்’ என்று கேட்டதுமே வீட்டில் டெங்கு என்று முடிவுகட்டிவிட்டார்கள். பப்பாளி இலை அரைபடத் தொடங்கியது. மருத்துவரோ சீட்டில் இரண்டு வார்த்தை கூடுதலாக எழுதினார்: எம்.பி. ஸ்மியர். மலேரியா ஒட்டுண்ணியைத் தேடும் ரத்தப் பூச்சுக்கு லேப்களில் வழங்கும் பெயர் அது.

இந்த வெல்டர் ஒரே ஆள் இல்லை. சென்னை லேப்களில் மழைக்காலம் தோறும் வந்துபோகும் பலரைச் சேர்த்து, இந்த அத்தியாயத்துக்காக உருவாக்கிய ஒருவர். இவருடைய எண்களை மட்டும் கடைசிவரை கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். இவர் உடம்பில் ஆயிரம் சிவப்பணுவுக்கு ஒன்றில்தான் ஒட்டுண்ணி இருக்கப்போகிறது. ஆயிரத்தில் ஒன்றைப் பிடித்த கிருமி, ஆறில் ஒரு பங்கு ரத்தத்தை எப்படிக் குறைத்தது, தட்டணுவைப் பாதிக்கும் கீழே எப்படி இறக்கியது என்பதுதான் கணக்கு.

ஒரு ஸ்லைடு, இரண்டு பூச்சு

மோதிர விரலின் நுனியை ஸ்பிரிட்டால் துடைத்து, ஸ்பிரிட் முழுக்கக் காய்ந்தபின் குத்த வேண்டும். ஈரம் இருக்கும்போதே குத்தினால் ரத்தத்தோடு ஸ்பிரிட் கலந்து அணுக்கள் கெடும். முதல் துளியைப் பஞ்சால் எடுத்துவிட்டு, அடுத்து வருவதைத்தான் ஸ்லைடில் வாங்குவது. ஒரே கண்ணாடித் துண்டில் நடுவே ஒரு சிறு துளி, ஓரத்தில் மூன்று துளி. நடுவில் இருப்பதை இன்னொரு ஸ்லைடின் மழமழப்பான விளிம்பால் 45 டிகிரி சாய்வில் ஒரே இழுப்பில் இழுத்தால், நாக்கு வடிவில் மெல்லிய பூச்சு கிடைக்கும். ஓரத்தில் இருக்கும் மூன்று துளிகளை விளிம்பு முனையால் ஒன்றாக்கி, ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு வட்டமாகப் பரப்பினால் தடித்த பூச்சு. ஈரமாக இருக்கும்போதே அதைச் செய்தித்தாளின் மேல் வைத்துப் பார்ப்பது பழைய வழக்கம்: அடியில் இருக்கும் எழுத்து மங்கலாகவாவது படிக்கும்படி தெரிந்தால் கனம் சரி.

இரண்டு எதற்கு என்ற கேள்விக்குப் பதில், அடுத்த கட்டத்தில் இருக்கிறது. மெல்லிய பூச்சைச் சாயத்துக்கு முன் மெத்தனாலில் நனைக்கிறார்கள். அது சிவப்பணுக்களை அப்படியே கண்ணாடியில் உறைய வைத்துவிடும். தடித்த பூச்சுக்கு மெத்தனால் கூடவே கூடாது. சாயத்திலிருக்கும் நீர் பட்டதும் அதிலுள்ள சிவப்பணுக்கள் உடைந்து, உள்ளே இருந்த ஹீமோகுளோபின் கரைந்து போக வேண்டும். மிஞ்சுவது வெள்ளையணுக்களும் தட்டணுக்களும், கூடு இழந்த ஒட்டுண்ணிகளும். பல அடுக்காகக் கிடந்த ரத்தத்திலிருந்து சிவப்பைக் கழித்துவிட்டால், மெல்லிய பூச்சைப்போலச் சுமார் இருபது மடங்கு ரத்தத்தை ஒரே பார்வையில் தேடலாம். தடித்தது தேடுவதற்கு, மெல்லியது அடையாளம் சொல்வதற்கு. 1903இல் ரொனால்ட் ராஸ் தடித்த பூச்சை முன்வைத்ததும், காய்ச்சல்காரர் ரத்தத்தில் ஒட்டுண்ணியைத் தேடித் தேடிக் கண் பூத்துப்போன அனுபவத்துக்குப் பிறகுதான்.

இங்கேதான் பெரும்பாலான ஸ்லைடுகள் வீணாகின்றன. மெல்லிய பூச்சின்மேல் ஊற்றிய மெத்தனால் ஓரமாய் வழிந்து தடித்த பூச்சைத் தொட்டுவிட்டால், அங்கே சிவப்பணு உடையாது; சாயம் போட்டபின் கருநீலக் கறைதான் மிஞ்சும். ஸ்லைடைச் சாய்த்து, மெல்லிய பக்கம் கீழே இருக்குமாறு பிடிப்பது அதற்காக. அவசரத்துக்கு ஸ்லைடை விளக்குச் சூட்டிலோ வெயிலிலோ காயவைத்தாலும் இதே கதை. சூடும் அணுக்களை உறைய வைக்கும். நவம்பர் மழையில் சென்னைக் காற்றில் தடித்த பூச்சு காய நெடுநேரம் பிடிக்கும் என்பது உண்மை. மின்விசிறிக்கு அடியில் படுக்கைவாக்கில் வைத்துப் பொறுமையாக இருப்பதைத் தவிர வேறு வழியில்லை. மூடி வைக்காவிட்டால் ஈயும் எறும்பும் கரப்பானும் காய்ந்த ரத்தத்தைச் சுரண்டித் தின்றுவிடும். இது வேடிக்கைக்குச் சொல்வதில்லை. வட்டத்தின் நடுவே பொத்தல் பொத்தலாக இருக்கும் பூச்சைப் பார்த்த எந்த லேப்காரருக்கும் குற்றவாளி யாரென்று தெரியும்.

சாயத்தில் பெயர் பெற்றது ஜீம்சா. பத்து சதவீதக் கரைசல் என்றால் சுமார் 10 நிமிடம், மூன்று சதவீதம் என்றால் முக்கால் மணி நேரம். முதலாவது அவசரத்துக்கு, இரண்டாவது நிறைய ஸ்லைடுகள் சேரும் இடத்துக்கு. சாயம் கரைக்கும் நீரின் பி.எச். 7.2 இருக்க வேண்டும். சாதாரண ரத்த ஸ்மியருக்குப் பல லேப்கள் 6.8 அளவில், கொஞ்சம் அமிலமாகவே சாயம் போடுகின்றன. வெள்ளையணு பார்க்க அது நன்றாக இருக்கும். மலேரியாவில் அது ஆளைக் கவிழ்க்கும். ஏன் என்பது விவாக்ஸ் வரும்போது புரியும்.

இந்தியாவின் அரசு மலேரியாத் திட்டத்தில் ஜே.எஸ்.பி. என்ற உள்நாட்டுச் சாயம் பழக்கத்தில் உண்டு. ஜஸ்வந்த் சிங்கும் பட்டாச்சார்ஜியும் 1944இல் உருவாக்கியது. தடித்த பூச்சுக்குச் சில நொடிகளில் சாயம் ஏற்றும் இன்னொரு முறையை ஜே.டபிள்யூ. ஃபீல்ட் 1941இல் மலாயாவில் வெளியிட்டார். ரப்பர் தோட்டங்களில் தமிழ்க் கூலிகள் மலேரியாவால் சாய்ந்துகொண்டிருந்த நாடு அது.

லென்ஸுக்கு அடியில்

வெல்டரின் தடித்த பூச்சில் எண்ணெய் விட்டு, நூறு மடங்கு லென்ஸை இறக்கியதும் முதலில் தெரிவது வெள்ளையணுக்களின் ஊதா உட்கரு. பார்வைப் பரப்பு ஒவ்வொன்றிலும் பத்துப் பதினைந்து இருந்தால் பூச்சு நன்றாக வந்திருக்கிறது. அவற்றுக்கு நடுவே, சிவப்புப் பொட்டும் அதை ஒட்டிய நீலக் கீற்றுமாகச் சிதறிக் கிடப்பவைதான் ஒட்டுண்ணிகள். பொட்டு உட்கரு, கீற்று அதன் உடல். இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் கணக்கில் சேர்க்கலாம். சிவப்பு மட்டும் தெரிந்தால் சாயத் துகளாக இருக்கும். ஊதாவாய்ப் பொரபொரவென்று இருந்தால் தட்டணு. பழுப்பு மணிகள் தெரிந்தால் சந்தேகம் குறைகிறது. ஹீமோகுளோபினைத் தின்றுவிட்டு ஒட்டுண்ணி ஒதுக்கிய கழிவு அது; ஹீமோசோயின் என்று பெயர்.

எண்ணுவது இப்படி. ஒரு கையெண்ணியில் வெள்ளையணு, இன்னொன்றில் ஒட்டுண்ணி. 200 வெள்ளையணு எண்ணும்போது ஒட்டுண்ணி நூறோ அதற்கு மேலோ வந்தால் அங்கேயே நிறுத்தலாம். குறைவாக இருந்தால் 500 வெள்ளையணுவரை தொடர வேண்டும். வெல்டருக்கு 200 வெள்ளையணுவுக்கு 210 ஒட்டுண்ணி. அவருடைய வெள்ளையணு 4,100 என்பது தெரிந்திருப்பதால்,

210 × 4,100 ÷ 200 = 4,305

அதாவது ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஏறக்குறைய 4,300 ஒட்டுண்ணி. வெள்ளையணு எண்ணிக்கை கைவசம் இல்லாத இடங்களில் 8,000 என்று வைத்துக்கொள்வது வழக்கம். அப்படி வைத்திருந்தால் விடை 8,400 வந்திருக்கும், ஏறத்தாழ இரண்டு மடங்கு. மலேரியாவில் வெள்ளையணு இறங்கியிருப்பது சகஜம் என்பதால், முழு ரத்த எண்ணிக்கை கையில் இருக்கும்போது அதை விட்டுவிட்டுப் பொது எண்ணைப் போடுவது சோம்பல்.

அவருக்குச் சிவப்பணு மைக்ரோலிட்டருக்கு 43 லட்சம். 4,300ஐ அதோடு ஒப்பிட்டால் ஆயிரத்துக்கு ஒன்று. மெல்லிய பூச்சில் ஒரு பார்வைக்கு இருநூறு, இருநூற்றைம்பது சிவப்பணு விழும். ஆக நான்கைந்து இடம் நகர்த்தினால் ஒன்று அகப்படும். அதைத்தான் இனம் காண வேண்டும்.

அகப்பட்டது விவாக்ஸ். ஒட்டுண்ணி உட்கார்ந்திருக்கும் சிவப்பணு அக்கம்பக்கத்து அணுக்களைவிடப் பெரிதாக ஊதியிருக்கிறது, வெளிறியிருக்கிறது. உள்ளே ஒட்டுண்ணி ஒழுங்கான மோதிரமாக இல்லாமல், கால் நீட்டி மடக்கிய அமீபாபோலத் தாறுமாறாகக் கிடக்கிறது. அணு முழுக்க இளஞ்சிவப்பு மணல் தூவியதுபோல நுண்புள்ளிகள். ஷுஃப்னர் புள்ளிகள் என்று பெயர். பி.எச். 7.2 இருந்தால்தான் இந்தப் புள்ளிகள் எழும். அமிலச் சாயத்தில் அவை தெரியாமல் போக, இளம் மோதிரங்களை மட்டும் பார்த்துவிட்டு ஃபால்சிபாரம் என்று எழுதிவிடும் தவறு அங்கிருந்துதான் வருகிறது.

ஃபால்சிபாரத்தின் முகம் வேறு. மெல்லிய சின்ன மோதிரங்கள், அணு ஊதாமல் இயல்பான அளவில். ஒரே அணுவில் இரண்டு மூன்று மோதிரங்கள். சில மோதிரத்தில் இரட்டைப் பொட்டு. சில அணுவின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு. வளர்ந்த வடிவங்களைப் பெரும்பாலும் பார்க்க முடியாது, ஏனெனில் அவை உள்ளுறுப்புகளின் நுண்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு சுற்றுக்கே வருவதில்லை. விரலில் எடுத்த துளியில் குறைவாகத் தெரிந்தாலும் உடம்புக்குள் நிறைய ஒளிந்திருக்கலாம் என்பது இதன் ஆபத்து. வாழைப்பழ வடிவில் பிறைகள் தெரிந்தால் கேள்வியே இல்லை. 1880 நவம்பர் 6 அன்று அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைன் நகரில் ராணுவ மருத்துவர் லவெரான் ஒரு சிப்பாயின் ரத்தத்தில், சாயமே இல்லாமல், இந்தப் பிறை வகையின் அசைவைக் கண்டுதான் மலேரியாவுக்குக் காரணம் ஒரு உயிர் என்று சொன்னார்.

ஒன்றுமே தெரியவில்லை என்று எழுதுவதற்கு முன் தடித்த பூச்சில் குறைந்தது நூறு பார்வைப் பரப்பு தேட வேண்டும். பார்வைக்குப் பதினைந்து வெள்ளையணு என்றால் நூறுக்கு 1,500. 8,000 வெள்ளையணு ஒரு மைக்ரோலிட்டர் என்ற கணக்கில் அது கால் மைக்ரோலிட்டருக்கும் குறைந்த ரத்தம். மைக்ரோலிட்டருக்கு ஐந்து ஒட்டுண்ணி இருப்பவருக்கு அந்த நூறு பார்வையிலும் சேர்த்து ஒன்றுதான் தட்டுப்படும். அதுவும் தேர்ந்த கண்ணுக்கு. ஆகவே ‘ஸ்மியர் நெகடிவ்’ என்ற சீட்டு அந்த வேளைக்கு மட்டும் செல்லும். சந்தேகம் நீடித்தால் 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் மறுபடி, மூன்று முறை வரை எடுப்பது முறை. நடுவே யாராவது இரண்டு குளோரோகுவின் மாத்திரை கொடுத்திருந்தால் தேடல் இன்னும் கடினம். எதையாவது விழுங்கினாரா என்று கேட்டு எழுதிக்கொள்வது அதனால்தான்.

கார்டு சொல்வதும் சொல்லாததும்

மைக்ரோஸ்கோப் இல்லாத இடத்திலும் இரவு நேரத்திலும் கார்டு டெஸ்ட்தான் கைகொடுக்கிறது. இந்தியாவில் வழக்கமான கார்டில் மூன்று கோடுகளுக்கு இடம் உண்டு: கட்டுப்பாட்டுக் கோடு, ஃபால்சிபாரம் கோடு, விவாக்ஸ் கோடு. ஃபால்சிபாரம் கோடு பிடிப்பது எச்.ஆர்.பி.2 என்ற புரதத்தை. விவாக்ஸ் கோடு பிடிப்பது ஒட்டுண்ணியின் எல்.டி.எச். என்ற நொதியை. ஐந்து மைக்ரோலிட்டர் ரத்தம், அந்தக் கிட்டோடு வந்த கரைசலில் சில சொட்டுகள், 15 முதல் 20 நிமிடக் காத்திருப்பு. துல்லியமான நேரத்தைப் பெட்டிக்குள் இருக்கும் தாள் சொல்லும்.

வெல்டரின் கார்டை முதலில் போட்டவர் பயிற்சிக்கு வந்த பெண்.

“அக்கா, கட்டுப்பாட்டுக் கோடு மட்டும்தான் வந்திருக்கு. நெகடிவ்னு எழுதிடவா?”

“ரத்தம் எவ்வளவு போட்ட?”

“அந்தக் குச்சியாலதான் தொட்டு வெச்சேன். கொஞ்சமாத்தான் ஒட்டுச்சு.”

“அந்தக் கோடு ரத்தம் போட்டதுக்கு சாட்சி இல்லம்மா. வெறும் சொட்டு மருந்து விட்டாலும் அது வரும். புதுசா ஒண்ணு பிரி, கோடு வரைக்கும் ரத்தத்த எடு.”

இரண்டாவது கார்டில் விவாக்ஸ் இடத்தில் மெல்லிய கோடு வந்தது. அந்தப் பெண் குழல் விளக்கடியில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். மங்கலான கோடும் கோடுதான். உரிய நேரத்துக்குள் வந்தால் பாசிட்டிவ். ஒரு மணி நேரம் கழித்துக் குப்பைக்கூடையிலிருந்து எடுத்துப் பார்க்கும்போது தெரியும் கோட்டுக்கு மட்டும் மதிப்பில்லை.

கார்டு நம்பகமாகப் பிடிக்கும் எல்லை மைக்ரோலிட்டருக்கு நூறு, இருநூறு ஒட்டுண்ணி அளவில் நிற்கிறது. நல்ல கண் தடித்த பூச்சில் அதற்கும் வெகு கீழே போகும். மற்றபடி கார்டின் குறைகள் பெரும்பாலும் ஃபால்சிபாரம் கோட்டைச் சார்ந்தவை. எச்.ஆர்.பி.2 புரதம், ஒட்டுண்ணி செத்தபின்னும் வாரக்கணக்கில் ரத்தத்தில் மிதக்கும். குணமான ஆளுக்குப் பதினைந்தாம் நாள் கார்டு போட்டு, கோடு வந்துவிட்டதென்று மருந்து வேலை செய்யவில்லை என்பது தப்பு; அதற்கு ஸ்மியர்தான் பார்க்க வேண்டும். நேர்மாறாக, அந்தப் புரதத்தை உண்டாக்கும் மரபணுவே இல்லாத ஃபால்சிபாரம் முதலில் பெருவின் அமேசான் பகுதியிலும் பிறகு எரித்ரியாவிலும் காணப்பட்டது. அங்கே கார்டு வெறுமையாக இருக்க, ஸ்மியரில் மோதிரங்கள் குவிந்து கிடந்தன. ஆப்பிரிக்காவிலிருந்து திரும்பியவரின் கார்டு நெகடிவ் என்று வந்தால் ஸ்லைடைப் பார்க்காமல் அனுப்பக் கூடாது. 2016 செப்டம்பரில் மலேரியா அற்ற நாடு என்று அறிவிக்கப்பட்ட இலங்கையில், இப்போது பிடிபடுவதெல்லாம் வெளியிலிருந்து வந்தவர்களிடம்தான் என்பதால், அங்குள்ள லேப்களுக்கு இது அன்றாட விஷயம்.

ஒட்டுண்ணி இல்லாத அணுக்கள் ஏன் சாகின்றன

இனி எண்களுக்கு வரலாம். வெல்டர் ஆறு மாதத்துக்கு முன் ரத்ததான முகாமில் ஹீமோகுளோபின் பார்த்திருந்தார்: 14.2. எட்டாம் நாள் 12.8. மருந்து ஆரம்பித்து ஒரு வாரத்தில் இன்னும் இறங்கி 11.9. மொத்தம் 2.3 கிராம், அதாவது 16 சதவீதம் காணாமல் போயிருக்கிறது.

விவாக்ஸ் 48 மணி நேரத்துக்கு ஒரு முறை சிவப்பணுவை வெடித்துக்கொண்டு வெளிவரும். அந்த வெடிப்புதான் ஒருநாள் விட்டு ஒருநாள் குளிரும் நடுக்கமும். எட்டு நாளில் நான்கு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் ஆயிரத்துக்கு ஒன்று என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், வெடித்த அணுக்கள் ஆயிரத்துக்கு நான்கு. 14.2 கிராமில் அது 0.06 கிராம்கூட முழுதாக வராது. பத்து நாள் மலேரியாவில் ரத்தம் குறைவதற்கு ‘ஒட்டுண்ணி சிவப்பணுவை உடைக்கிறது’ என்று பாடப்புத்தகம் சொல்லும் காரணம் இங்கே வண்டியை ஓரடிகூட நகர்த்தாது.

மிச்சத்தைச் செய்வது நோயாளியின் உடம்பேதான். ஒட்டுண்ணி வெடிக்கும்போது வெளியாகும் பொருட்கள் பக்கத்து அணுக்களின் மேலும் படிகின்றன. அவற்றின் சவ்வு விறைத்துவிடுகிறது. மண்ணீரல் என்பது, வளைந்து நெளியத் தெரிந்த சிவப்பணு மட்டுமே நுழையக்கூடிய குறுகிய சந்துகளால் ஆனது. காய்ச்சலில் அது வீங்கி, அதன் விழுங்கணுக்கள் வெறியோடு வேலை செய்யும்போது, கொஞ்சம் விறைத்த அணுவையும் விடாமல் பிடித்துக்கொள்கின்றன. ஒட்டுண்ணி உள்ளதா இல்லையா என்று பார்ப்பதில்லை.

இந்த இழப்பை எண்ணால் சொல்ல முடிகிறது என்றால் அதற்கு ஒரு விநோதமான வரலாறு உண்டு. பென்சிலினுக்கு முன், மூளையைத் தாக்கிய சிபிலிஸ் நோய்க்கு வேண்டுமென்றே மலேரியா ஏற்றி, அந்தக் காய்ச்சலால் சிகிச்சை செய்தார்கள். அதற்காக வியன்னாவின் வாக்னர்-யாவுரெக் 1927இல் நோபல் பரிசு பெற்றார். அத்தகைய சிகிச்சை பெற்றவர்களின் அன்றாட ரத்தக் கணக்கைப் பிற்காலத்தில் எடுத்துவைத்துப் பார்த்ததில், விவாக்ஸில் ஒட்டுண்ணி பிடித்த ஒரு சிவப்பணுவுக்கு, பிடிக்காத சிவப்பணு சுமார் 34 அழிந்திருந்தது தெரிந்தது. ஃபால்சிபாரத்தில் அது எட்டு ஒன்பது.

வெல்டருக்கு இதைப் போட்டுப் பார்க்கலாம். ஆயிரத்துக்கு நான்கு வெடித்தவை. ஒவ்வொன்றோடும் 34 சேர்ந்து போனால், ஒன்றுக்கு 35. நான்கை 35ஆல் பெருக்கினால் ஆயிரத்துக்கு 140, அதாவது 14 சதவீதம். 14.2 கிராமில் அது இரண்டு கிராம். நடந்தது 2.3. தோராயக் கணக்குதான், ஆனால் கைக்கு எட்டுகிறது.

எஞ்சிய சில்லறைக்கு இரண்டு காரணம். காய்ச்சலில் தண்ணீர் வற்றியிருந்த எட்டாம் நாள் ரத்தம் கெட்டியாக இருந்தது. குளுக்கோஸ் ஏற்றியபின் அது நீர்த்தது. மருந்து கொடுத்த மூன்றாம் நாள் ஹீமோகுளோபின் இறங்கியிருப்பதைப் பார்த்துப் பதறுவோர், அதற்கு முந்தைய எண்தான் பொய்யாக உயர்ந்திருந்தது என்பதை மறந்துவிடுகிறார்கள். இரண்டாவது, எலும்பு மஜ்ஜை. ஹீமோசோயினை விழுங்கிய அணுக்களும் அழற்சியும் மஜ்ஜையின் வேலையை மந்தப்படுத்துகின்றன. ரத்தம் இவ்வளவு போயும், காய்ச்சல் உச்சத்தில் இளஞ்சிவப்பணு எண்ணிக்கை ஏறாமல் கிடப்பதன் காரணம் அது. ஒட்டுண்ணி ஒழிந்து ஒரு வாரம் பத்து நாளில் அந்த எண்ணிக்கை மேலே தாவும். பிறகுதான் ஹீமோகுளோபின் திரும்பத் தொடங்கும்.

விவாக்ஸ் ஆயிரத்துக்கு ஒன்று, மிஞ்சிப்போனால் நூற்றுக்கு இரண்டு என்ற அளவிலேயே நிற்பதற்கும் காரணம் உண்டு. அது இளஞ்சிவப்பணுக்களுக்குள் மட்டுமே நுழையும். மொத்தத்தில் அவை நூற்றுக்கு ஒன்றிரண்டுதான். ஃபால்சிபாரத்துக்கு அந்த வரம்பு இல்லை, எந்த வயதுச் சிவப்பணுவும் அதற்குச் சரி. நூற்றுக்குப் பத்தைத் தாண்டினால் அது கடுமையான மலேரியா. அங்கே நேரடி வெடிப்பே பெரிய இழப்பு; ஐந்து வயதுக் குழந்தை ஒரே இரவில் வெளுத்துப்போவது அதனால்தான்.

62,000 யாருடையது

தட்டணு இறங்குவதிலும் ஒட்டுண்ணிக்கு நேரடிக் கை குறைவு. தட்டணுக்களின் மேல் எதிர்ப்புப் புரதங்கள் படிய, மண்ணீரல் அவற்றையும் பிடித்துக்கொள்கிறது. வீங்கிய மண்ணீரல் ஒரு பகுதியைத் தனக்குள் தேக்கியும் வைத்துக்கொள்கிறது. ரத்தக்குழாயின் உட்சுவர் காய்ச்சலில் கிளர்ந்தெழுந்து ஒட்டும் தன்மையுள்ள புரதத்தை வெளிவிட, தட்டணுக்கள் அதிலும் போய் ஒட்டித் தீர்கின்றன. ஒட்டுண்ணி பிடித்த சிவப்பணுவில் தட்டணு ஒட்டி உள்ளிருப்பதைக் கொல்வதும் ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. ஒரு பகுதி அப்படிச் சண்டையில் செலவாகிறது. மஜ்ஜையில் தட்டணுவை உண்டாக்கும் தாயணுக்கள் குறைவதில்லை. அதனால்தான் மெல்லிய பூச்சில் தட்டணு எண்ணிக்கையில் சொற்பமாக, ஆனால் உருவத்தில் பெரிது பெரிதாகத் தெரியும். அவசர அவசரமாக அனுப்பிவைத்த புதியவை அவை.

மெஷின் சொன்ன 62,000ஐ மெல்லிய பூச்சில் ஒரு முறை சரிபார்ப்பது நல்லது. குழாயிலுள்ள உறையா மருந்தால் தட்டணுக்கள் கொத்துக் கொத்தாகச் சேர்ந்துகொள்வதுண்டு. மெஷின் அவற்றை எண்ணாமல் விட்டுவிடும். பூச்சின் வால் ஓரத்தில் கொத்துகள் தெரிந்தால் எண் பொய். வெல்டருக்குக் கொத்து இல்லை. எண் மெய்.

டெங்குவா மலேரியாவா என்பதை இந்த எண் ஒன்றே பிரிக்காது. கூடவே இருக்கும் எண்கள் ஓரளவு பிரிக்கும். டெங்குவில் ரத்தத்தின் நீர்ப்பகுதி குழாயை விட்டுக் கசிவதால், தட்டணு இறங்க இறங்க ஹீமோகுளோபினும் ஹீமட்டோகிரிட்டும் ஏறும். மலேரியாவில் இரண்டுமே இறங்கும். டெங்குவில் காய்ச்சல் விடும் நேரத்தில்தான் தட்டணு அடிமட்டத்துக்குப் போகும். மலேரியாவில் காய்ச்சல் எரிந்துகொண்டிருக்கும்போதே குறைந்திருக்கும், மருந்து தொடங்கியதும் ஏறும். வெல்டருக்கு மருந்து தொடங்கிய மூன்றாம் நாள் 95,000, ஏழாம் நாள் 2.1 லட்சம். ஈறில் ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை. விவாக்ஸில் இந்த அளவுக்கு ரத்தக்கசிவு அபூர்வம், தட்டணு ஏற்றத் தேவையும் அபூர்வம். பப்பாளி இலைக்குக் கிடைத்த பெயரை உண்மையில் சம்பாதித்தது குளோரோகுவின்.

மூன்று நாள் குளோரோகுவினுக்குப் பின் மூன்றாம் நாள் ஸ்மியரில் ஒட்டுண்ணி இல்லை. ஆனால் விவாக்ஸ் கல்லீரலில் தூங்கும் வடிவத்தை வைத்திருக்கும். எந்த ஸ்மியரிலும் எந்தக் கார்டிலும் அது தெரியாது. அதற்குத்தான் 14 நாள் பிரைமாகுவின். ஜி6பி.டி. என்ற நொதி குறைந்தவர்களுக்கு அந்த மாத்திரையே சிவப்பணுவை உடைத்துவிடும் என்பதால், ஆரம்பிக்கும் முன் அந்த ரத்தப் பரிசோதனையை வெல்டருக்கும் செய்தார்கள், இயல்பாக இருந்தது. ஒரு வயது நிரம்பாத குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இந்த மாத்திரை கொடுப்பதில்லை.

மாத்திரைக் கவரின் மேல் லேப் அக்கா நீலப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்: ‘பால் ஊற்றாத டீ நிறத்தில் சிறுநீர் போனால், கண் மஞ்சளானால், மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே வரவும். மூன்று மாதத்துக்குள் மறுபடி குளிர்காய்ச்சல் வந்தால், எதையும் விழுங்கும் முன் ஸ்லைடு எடுக்கவும்.’